கதவுப் பக்கத்து அகலம்

கார்ப்பெட் கடையில் அவளுக்குக் கார்ப்பெட் விற்கிற வேலை இல்லை. வாங்க வருகிறவர்களைப் பயமுறுத்தி விரட்டுகிற வேலை என்று முதலாளியம்மா சொல்வார். கடையின் இணையதளத்தில் ஒவ்வொரு விரிப்புக்கும் திரைக்கும் கீழே வரும் விவரத்தை எழுதுவது அவள்தான். வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்டு அனுப்பும் செய்திகளுக்குப் பதில் சொல்வதும் அவளேதான். மேசையில் கணினிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் கிடக்கும் என்பதால் கடையில் எல்லோரும் அவளை டேப்பு என்று கூப்பிட்டார்கள்.

மற்ற கடைகளில் 'மென்மையான, அழகான, உங்கள் இல்லத்துக்கேற்ற' என்று மூன்று வார்த்தையோடு விட்டுவிடுவார்கள். டேப்பு விடமாட்டாள். 'அகலம் 160 செ.மீ., நீளம் 230 செ.மீ. இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சம் இதில் சேராது. குஞ்சத்துக்குத் தனியாக ஆறு ஆறு செ.மீ. வேண்டும். இழையின் உயரம் 9 மி.மீ., அடிப்புறத்தோடு சேர்த்து 12 மி.மீ. உங்கள் கதவு உள்பக்கம் திறக்குமானால் அதன் அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். குனியச் சோம்பலாக இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.' கடைசி வரியை முதலாளியம்மா பார்த்ததும் நீக்கச் சொன்னார். டேப்பு 'தயவுசெய்து' என்பதை மட்டும் நீக்கினாள்.

"மேகத்து மேல நடக்கிற மாதிரி இருக்கும்னு ஒரு வரி போடேன்" என்று ஒரு நாள் அவர் கெஞ்சினார்.

"மேகத்தோட தடிமன் எவ்வளவு மேடம்? அடிப்புறம் ரப்பரா, துணியா?"

"உன்கிட்ட வாயைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ஆனாலும் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவள் வந்த பிறகு 'அளவு பொருந்தவில்லை' என்று திரும்பி வரும் விரிப்புகள் பாதிக்குப் பாதி குறைந்திருந்தன. அது முதலாளியம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

இப்படி ஊரார் வீட்டுக் கதவு இடுக்கையெல்லாம் அளந்து கொண்டிருந்தவளுக்குத் தன் பிறந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்ததுதான் காரணம்.

அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். இவள் அப்போது வேறொரு திரைச்சீலைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். புதிதாக வேலை கற்றவர்களுக்கு வரும் வியாதி அவளுக்கும் வந்திருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னலைத்தான் முதலில் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் அக்கா தங்கைகளும் வந்திருந்தார்கள். ஹாலின் பெரிய ஜன்னலில் மஞ்சள் பூப்போட்ட புதுத்திரை தொங்கியது. அண்ணி தானே தைத்தது. தரைக்கு நான்கு விரல் மேலே நின்றுவிட்டது. இவள் வாய் சும்மா இருந்ததா? "வெள்ளம் வந்தாகூட நனையாது அண்ணி, நல்ல முன்யோசனை" என்று சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் போனில் அண்ணி ஏதோ சொல்ல, இவள் "அளக்கத் தெரியலைன்னா கேட்டிருக்கலாமே" என்று பதிலுக்குச் சொல்ல, பேச்சு தடித்து, போன் வைக்கப்பட்டது. அதோடு சரி. யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றார்கள். நடுவில் அண்ணன், ஐயோ பாவம், மாதம் ஒருமுறை காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவான். காய்கறி வாங்க மறந்துவிட்டு அதற்கும் திட்டு வாங்குவான்.

டேப்புவுக்கு அண்ணியைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் வம்பே. அம்மா போன பிறகு தலைவலி என்றால் அவள் முதலில் கூப்பிட்டது அண்ணியைத்தான். அந்த எண்ணை இப்போதும் அழிக்கவில்லை, அழுத்தவும் இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு ஒரு செய்தி வந்தது.

'ஹாலுக்குச் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் வேணும். அந்தச் சாம்பல் கலர் ரோல்ல வெட்டித் தருவீங்களாமே. அகலம் பதினோரு அடி, நீளம் பதினாலு அடி.' பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வீட்டுக்காரி' என்று மட்டும் இருந்தது.

டேப்பு வழக்கம்போல் ஆரம்பித்தாள். 'வணக்கம். அந்த ரோல் பன்னிரண்டு அடி அகலம், அதனால் நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வெட்டலாம். இது தறியில் நெய்தது இல்லை; அடித்துணியில் ஊசியால் நூலைக் குத்தி ஏற்றி, பின்பக்கம் பசை தடவி, அதன்மேல் இன்னொரு வலைத்துணி ஒட்டியது. நெய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழை வெட்டப்படாத வளையம். மொத்த உயரம் 8 மி.மீ. உங்கள் அளவுக்கு வெட்டி, நாலு ஓரமும் பட்டை வைத்துத் தைத்துத் தருவோம். ஒருமுறை வெட்டித் தைத்தால் திரும்ப எடுக்கமாட்டோம். அளந்த இடத்தை டேப்போடு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?'

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. தரையில் டேப் நீட்டி வைத்திருந்தது. பதினோரு அடிக்கோடு சுவரைச் சரியாகத் தொட்டது. டேப்புவின் கண் டேப்பைப் பார்க்கவில்லை. மேலே, படத்தின் ஓரத்தில், மஞ்சள் பூப்போட்ட திரை ஒன்று தரைக்கு நான்கு விரல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அண்ணி. அந்தத் திரையை இன்னும் மாற்றவில்லை. வேண்டுமென்றே மாட்டி வைத்திருக்கிறாளா, மாற்ற நேரமில்லாமல் விட்டிருக்கிறாளா? தான் இந்தக் கடையில் இருப்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? டேப்பு வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கார்ப்பெட்டா? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் அவன். "அப்புறம், நீ எனக்குப் போன் பண்ணதும் எனக்குத் தெரியாது. நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"நான் எங்க வேலை பார்க்கிறேன்னு அண்ணிக்குச் சொல்லியிருக்கியா?"

"உன் பேரை நானும் எடுக்கிறதில்ல, அவளும் எடுக்கிறதில்ல. வீடு நிம்மதியா இருக்கு. என்னை இதுல இழுக்காதே, நல்லா இருப்பே." வைத்துவிட்டான்.

இருக்கையில் வந்து உட்கார்ந்து மறுபடியும் அந்தப் போட்டோவைப் பார்த்தபோதுதான் உண்மையான சங்கடம் உறைத்தது. அண்ணி அளந்திருந்தது ஜன்னல் பக்கத்துச் சுவரை. அங்கே பதினோரு அடிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹால் நேர்ச் செவ்வகம் இல்லை. கட்டும்போது மேஸ்திரி ஒரு பக்கச் சுவரைச் சாய்த்துக் கட்டிவிட்டார். அப்பா வருஷக்கணக்கில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது டேப்புவின் காதில் இன்னும் கேட்கும். கதவுப் பக்கம் பத்தடி எட்டு அங்குலம்தான். அந்த வீட்டில் வளர்ந்தவர்களைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது.

பதினோரு அடிக்கு வெட்டி ஓரம் தைத்து அனுப்பினால் என்ன ஆகும்? கதவுப் பக்கம் நாலு அங்குலம் அதிகமாகி விரிப்பு சுவரில் முட்டி மேடு தட்டி நிற்கும். நடக்கிறவர் தடுக்கி விழுவார். கத்தரியால் வெட்டிச் சரிசெய்தால் தைத்த ஓரம் போய், நூல் ஒவ்வொன்றாக அவிழும். திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். பணமும் போய், ஹாலும் அசிங்கமாகி, பழி அளந்தவள் தலையில் விழும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? 'நீங்கள் அளந்தது தப்பு' என்று ஒருமுறை சொல்லித்தான் இரண்டு வருஷம் போனது. இன்னொரு தடவை அதையே சொன்னால், கடையிலிருந்து எழுதுவது யார் என்று அண்ணிக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். பாவி, திரும்பவும் என் அளவில் குற்றம் கண்டுபிடிக்க வந்துவிட்டாள் என்று நினைப்பாள். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. டேப்புவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அண்ணி தனக்கு நிரந்தரமாக இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்.

சுற்றி வளைத்துப் பார்த்தாள். 'பொதுவாக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்வது: அகலத்தை ஒரே இடத்தில் அளக்காமல், இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சின்னதை எடுத்துக்கொள்ளவும். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் விட்டுவிடவும்.'

பதில் உடனே வந்தது. 'பொதுவா எல்லாருக்கும்னா எனக்கு வேண்டாம். நான் அளந்தாச்சு. பதினொண்ணு.'

'கதவுப் பக்கமும் அளந்தீர்களா?'

'கதவுப் பக்கமும் சுவர்தாங்க இருக்கு. ஆத்தங்கரை இல்ல.'

டேப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியின் வாய் அப்படியே இருந்தது. கண்ணும் கலங்கியது, அதை அவள் கார்ப்பெட் தூசி என்று பக்கத்து மேசையில் சொல்லிக்கொண்டாள்.

'சில வீடுகளில் சுவர் சாய்வாக இருக்கும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சுவர்கள் நேர். வராவிட்டால் சாய்வு.'

'எங்க வீடு நல்ல வீடு. சாய்வெல்லாம் கிடையாது. வெட்டச் சொல்லுங்க.'

மதியம் முதலாளியம்மா வந்து பார்த்தார். "என்ன, இந்த ஒரு ஹாலுக்கே காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கே? போட்டோ இருக்கு, அளவு இருக்கு. வாடிக்கையாளர் கொடுத்த அளவுக்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பு. கீழே அனுப்பு, வெட்டட்டும்."

"அளவு தப்பு மேடம்."

"உனக்கெப்படித் தெரியும்? போட்டோல பதினொண்ணு காட்டுதே."

"தெரியும் மேடம்."

முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சை வளர்க்கவில்லை. "சரி, அவங்ககிட்ட நீயே சொல்லு. எனக்குத் திரும்பி வராம இருந்தா போதும்" என்று போய்விட்டார்.

டேப்பு எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். சமாளிக்கிற மாதிரி எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. கடைசியில் எதையும் அழகுபடுத்தாமல் அனுப்பினாள்.

'அண்ணி, கதவுப் பக்கம் பத்தடி எட்டு அங்குலம்தான். நீங்க அளந்த இடம் சரி. சுவர்தான் தப்பு. தயவுசெஞ்சு வெட்டச் சொல்லாதீங்க.'

அதற்குப் பதில் வரவில்லை. டீ வந்தது, ஆறியது. மற்றவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னாள்; ஒருவர் திரைக்கம்பி ஆறடி என்றால் துணியும் ஆறடி போதுமா என்று கேட்டதற்கு, 'போதும், மடிப்பே இல்லாமல் பெட்ஷீட் காயப்போட்ட மாதிரி தொங்கும். பன்னிரண்டு அடி வாங்குங்கள்' என்று எழுதினாள். கை எழுதியது. மனசு அண்ணியின் செய்திப் பெட்டியிலேயே இருந்தது.

கடை மூடுகிற சமயத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

'அப்போ நேர்ல வந்து அளங்க.'

மறுநாள் காலை அவள் போனாள். கதவைத் திறந்த அண்ணி மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்பக்கம் இரண்டு நரை வந்திருந்தது.

"வாங்க நாத்தனாரே. கடையிலேர்ந்து ஆள் வரும்னு பார்த்தா அளவே நடந்து வருது."

"அண்ணி…"

"செருப்பை அங்க விடு. கார்ப்பெட்டே இன்னும் போடல, அதுக்குள்ள மிதிச்சுடாதே."

உள்ளே நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, ஹாலைக் காலிசெய்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் அளக்க ஆரம்பித்தார்கள். டேப்பின் ஒரு முனையை அண்ணி சுவரோடு அழுத்திப் பிடிக்க, மறுமுனையை இவள் இழுத்தாள். ஜன்னல் பக்கம் பதினோரு அடி. நடுவில் பத்தடி பத்து. கதவுப் பக்கம் வந்ததும் டேப்பு குனிந்து எண்ணைப் பார்ப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்.

"பத்தடி எட்டு."

டேப்பு நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தத் தரையைத் துடைக்கிறேன். அந்த மூலையில துடைப்பம் நாலு அங்குலம் முன்னாடியே முட்டும். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பதினொண்ணுன்னு…"

"உங்க கடை வெப்சைட்ல அந்த விவரத்தையெல்லாம் எழுதுறது யாருன்னு படிச்சதுமே தெரிஞ்சு போச்சு. குனியச் சோம்பலா இருந்தா வாங்காதீங்கன்னு உலகத்துல வேற யாரு எழுதுவா? சரி, அம்மணி கம்முனு வெட்டிக் கொடுத்துட்டு, பழியை என் தலையில கட்டுறாளா, இல்ல வாயைத் திறக்கிறாளான்னு பார்த்தேன்."

"திறக்கலைன்னா?"

"கார்ப்பெட் வந்திருக்கும். நீ வந்திருக்க மாட்டே." அண்ணி டேப்பை விட்டுவிட்டு எழுந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டேப்பு ஜன்னல் பக்கம் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்துச் சிரித்த திரையை இப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தாள். பருத்தி. ஓரத்தில் தைத்திருந்த நூல் பாலியெஸ்டர். தையல் போன வழியெல்லாம் துணி சின்னச் சின்னதாகச் சுருங்கிக் கிடந்தது. நூல் அப்படியே இருக்க, துணி மட்டும் சுருங்கியிருக்கிறது. ஏழடித் துணி ஒரு சலவையில் மூன்று, மூன்றரை அங்குலம் சுருங்கும். நான்கு விரல்.

"அண்ணி, இதைத் தைச்சதும் தண்ணியில போட்டீங்களா?"

"புதுத்துணி கஞ்சி வாடை அடிச்சது. நீ வர்றதுக்கு முந்தின நாள் அலசிப் போட்டேன்."

"அப்போ நீங்க அளந்தது சரி."

"தரையைத் தொடுற மாதிரித்தான் தைச்சேன். மூணு தடவை அளந்தேன். மறுநாள் போன்ல அதைத்தான் சொல்ல வந்தேன். நீ எங்க சொல்லவிட்டே?"

டேப்புவுக்குத் தலை தானாகக் குனிந்தது. துணி வாங்கினால் முதலில் நனைத்துக் காயவைத்துப் பிறகுதான் வெட்ட வேண்டும் என்று இப்போது ஊருக்கெல்லாம் எழுதுகிறாள். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் சிரித்தாள்.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. எல்லார் முன்னாடியும் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"பேசினதுகூடப் பரவால்ல." அண்ணி திரையின் மடிப்பை நீவிவிட்டாள். "வருஷக்கணக்கா அந்த ஜன்னல்ல பழைய வேட்டியைத்தான் கட்டியிருந்தோம். எனக்கு அதுவே போதும். நீ கர்ட்டன் கடையில சேர்ந்திருக்கேன்னு உங்க அண்ணன் சொன்னாரு. முதல் சம்பளம் வாங்கிட்டு வர்றே. வந்ததும் நிமிர்ந்து பார்த்து, அண்ணி சூப்பர்னு சொல்வேன்னு உட்கார்ந்து தைச்சேன்."

டேப்பு பெரிய பெண்தான், ஊருக்கே அளவு சொல்கிறவள்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"சரி, போதும்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "மூலைக்கு மூலை இன்னும் அளக்கல. நீதானே சொன்னே, ரெண்டு பக்கமும் அளக்கணும்னு. எழுந்து அந்த முனையைப் பிடி. இந்தத் தடவை நான் படிக்கிறேன், நீ சிரிக்காம எழுதிக்கோ."